பெட்டியின் மேல் ஓர் எண்: கொள்முதல் ஆணை எண்ணை அச்சிடுமாறு வழங்குநரைக் கேட்பது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு வரும் சரக்குகளில் பெரும்பகுதி மாநில எல்லையைக் கடந்தே வருகிறது. கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவும், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவும் லாரிகள் வருகின்றன. இங்குள்ள சிறுதொழில் முனைவோரும் மொத்த வணிகரும் ஒரே வழங்குநரிடம் அடுத்தடுத்துப் பல கொள்முதல் ஆணைகளை அளிப்பது வழக்கம். அவற்றுக்குரிய பெட்டிகள் ஒரே லாரியில் கலந்து வருவதும் வழக்கமே.

பெட்டிகள் லாரி சர்வீஸ் மூலம் கிடங்கின் வாசலுக்கு வருகின்றன. விலைப்பட்டியலோ மின்னஞ்சலில் கணக்குப் பிரிவுக்குப் போகிறது. சரக்கும் தாளும் இவ்வாறு வெவ்வேறு வழியில் வருவதால், வாசலில் நின்று பெட்டிகளை இறக்குபவருக்கு எந்தப் பெட்டி எந்த ஆணைக்குரியது என்று சொல்ல எதுவும் இருப்பதில்லை. வெளி அட்டைப்பெட்டியின் மேல் கொள்முதல் ஆணை எண்ணை அச்சிடச் சொல்வது இந்த இடைவெளியை அடைக்கும் மிக எளிய வழி. ஆனால் “எண்ணைப் போட்டு அனுப்புங்கள்” என்று தொலைபேசியில் ஒரு வரி சொன்னால் போதாது. எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், கேட்டபின் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் துணையோடு இப்பாடத்தில் காண்போம்.

இருபத்திரண்டு பெட்டிகளின் கணக்கு

கொழிஞ்சாம்பாறையை அடுத்த தேங்காய் எண்ணெய் நிரப்பும் சிறு ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அது கோவையிலுள்ள ஓர் உற்பத்தியாளரிடம் புட்டி மூடிகளை வாங்குகிறது. ஒரு பெட்டியில் 2,000 மூடிகள் இருக்கும்.

ஆலை முதலில் 0147 என்ற எண்ணுள்ள ஆணையை அளித்தது. தன் சொந்த வணிகப் பெயரில் விற்கும் எண்ணெய்க்காக 20 பெட்டி மூடிகள். ஒரு மூடி 1 ரூபாய் 20 காசு. சில நாள் கழித்து, ஒரு மொத்த வணிகருக்கு அவருடைய பெயரில் எண்ணெய் நிரப்பிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அதற்காக 0152 என்ற ஆணையில் அதே வகை மூடி 10 பெட்டி கேட்கப்பட்டது. இதற்குள் விலை 1 ரூபாய் 30 காசாக உயர்ந்திருந்தது.

வழங்குநர் முதல் தவணையாக 22 பெட்டிகளை அனுப்பினார். அவற்றுள் 16 பெட்டி 0147-க்கு உரியவை. 6 பெட்டி 0152-க்கு உரியவை. இரண்டுக்கும் தனித்தனி விலைப்பட்டியல்கள் கணக்குப் பிரிவுக்குச் சென்றன. கிடங்குக்கு வந்தவையோ ஒரே நிறமும் ஒரே அச்சும் கொண்ட 22 பெட்டிகள்.

கிடங்குப் பொறுப்பாளர் எவரும் செய்யக்கூடியதையே செய்தார். பழைய ஆணையை முதலில் நிரப்பினார். 20 பெட்டிகளை 0147-இல் வரவு வைத்து அந்த ஆணை முடிந்தது என்று குறித்தார். மீதி இரண்டை 0152-இல் வரவு வைத்தார். மொத்த எண்ணிக்கை சரி, பிரிவினை தவறு.

இதன் முதல் விளைவு உற்பத்தியில் தெரிந்தது. மொத்த வணிகருக்கு முதல் தவணையாக 12,000 புட்டிகள் அனுப்ப வேண்டும். அதற்குத் தேவையான ஆறு பெட்டி மூடிகளும் கிடங்கில் இருந்தன. ஆனால் பதிவேடு 4,000 மூடிகளே வந்துள்ளதாகக் காட்டியது. ஆலை மேலாளர் பதிவேட்டை நம்பி, மூடி வரவில்லை என்று வணிகரிடம் தவணை கேட்டார். கையிலிருந்த சரக்கு கணக்கில் இல்லாததால் வேலை நின்றது.

இரண்டாவது விளைவு கணக்குப் பிரிவில் தெரிந்தது. முதல் விலைப்பட்டியல் 16 பெட்டிக்கு 38,400 ரூபாய் என்றது. வரவுச் சீட்டு 20 பெட்டி என்றது. இரண்டாம் விலைப்பட்டியல் 6 பெட்டிக்கு 15,600 ரூபாய் என்றது. வரவுச் சீட்டு 2 பெட்டி என்றது. வரி நீங்கலாக விலைப்பட்டியல்களின் கூட்டுத்தொகை 54,000 ரூபாய். வரவுச் சீட்டுகளின்படி கணக்கிட்டால் 53,200 ரூபாய். வேறுபாடு வெறும் 800 ரூபாய்தான். ஆயினும் ஆணை, வரவுச் சீட்டு, விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் கொடுப்பது என்ற விதி அந்த ஆலையில் இருந்தமையால், 54,000 ரூபாய் முழுவதும் நின்றுபோயிற்று.

மூன்றாவது விளைவு அடுத்த வாரம் வந்தது. 0147-க்குரிய கடைசி நான்கு பெட்டிகள் வாசலுக்கு வந்தபோது, அந்த ஆணை ஏற்கெனவே முடிந்துவிட்டது, இவை மிகையாக அனுப்பப்பட்டவை என்று அவற்றை ஏற்க மறுத்தார்கள்.

இங்கே எவரும் கவனக்குறைவாக இருக்கவில்லை. வழங்குநர் சரியாக அனுப்பினார். பொறுப்பாளர் சரியாக எண்ணினார். கணக்கர் சரியாக ஒப்பிட்டார். பெட்டிக்கும் ஆணைக்கும் உள்ள உறவு மட்டும் பெட்டியின் மேல் எழுதப்படவில்லை.

எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பொருளின் பெயரும் அளவும் பெட்டியின் மேல் ஏற்கெனவே இருக்கின்றனவே, ஆணை எண் எதற்கு என்று கேட்கலாம். பொருளின் பெயர் “உள்ளே என்ன இருக்கிறது” என்பதைச் சொல்கிறது. ஆணை எண் “இது எதற்காக, எந்த விலைக்கு, எந்த நிபந்தனையில் வாங்கப்பட்டது” என்பதைச் சொல்கிறது. ஒரே பொருளை இரண்டு ஆணைகளில் வாங்கும்போது முதற்கேள்விக்கான விடை இரண்டாம் கேள்விக்கு உதவாது.

அதே சமயம் இந்த எண்ணின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் எண் இருப்பதால் மட்டும் உள்ளே சரியான பொருள் சரியான அளவில் இருக்கிறது என்று பொருளாகாது. எண்ணிப் பார்ப்பதும் மாதிரி எடுத்துச் சோதிப்பதும் வழக்கம்போல நடைபெற வேண்டும். மேலும், பெட்டியிலோ விலைப்பட்டியலிலோ ஆணை எண் இருக்க வேண்டும் என்று சரக்கு மற்றும் சேவை வரி விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. விலைப்பட்டியலில் இருக்க வேண்டியவற்றைக் கூறும் 46-ஆம் விதியின் பட்டியலில் வாங்குபவரின் ஆணை எண் இடம்பெறவில்லை. ஆகவே இது சட்டத்தைக் காட்டிப் பெறுவதன்று, உடன்பாட்டினால் பெறுவது. அதனால்தான் கேட்கும் முறை முக்கியமாகிறது.

கடிதம் எழுதும் முன் தீர்மானிக்க வேண்டியவை

முதலாவது, எண்ணின் வடிவம். பல நிறுவனங்களில் ஏப்ரல் 1 அன்று ஆணை எண் மீண்டும் 0001-இலிருந்து தொடங்குகிறது. வெறும் 0147 என்று அச்சிட்டால், சென்ற ஆண்டின் 0147-க்கும் இவ்வாண்டின் 0147-க்கும் வேறுபாடு தெரியாது. எனவே நிதியாண்டையும் சேர்த்து, தொடக்கத்திலுள்ள சுழியங்களோடு, ஒரே வடிவில் அச்சிடக் கேட்க வேண்டும். ஆணை திருத்தப்பட்டாலும் அடிப்படை எண் மாறாமல் இருப்பது நலம்.

இரண்டாவது, எண்ணோடு வேறு என்ன இருக்க வேண்டும் என்பது. இரண்டே செய்திகளைச் சேர்த்தால் போதும்: அந்த விலைப்பட்டியலுக்குரிய மொத்தப் பெட்டிகளில் இது எத்தனையாவது, உள்ளே எத்தனை உருப்படிகள். நமது எடுத்துக்காட்டில் ஒரு பெட்டியின் சீட்டு இவ்வாறு இருக்கும்.

```
PO: 2526-0147
CTN: 7/16
QTY: 2000
```

முதல் வரி 2025-26 நிதியாண்டின் 0147-ஆம் ஆணை என்பதையும், இரண்டாம் வரி பதினாறு பெட்டிகளில் இது ஏழாவது என்பதையும், மூன்றாம் வரி உள்ளே 2,000 மூடிகள் உள்ளன என்பதையும் காட்டுகின்றன. 7/16 என்ற வரி இருப்பதால், வழியில் ஒரு பெட்டி விடுபட்டால் எது விடுபட்டது என்று உடனே தெரியும். விலையை ஒருபோதும் பெட்டியின் மேல் அச்சிடச் சொல்லக்கூடாது. லாரி சர்வீஸ் கிடங்கில் அதைப் பலரும் பார்ப்பார்கள்.

மூன்றாவது, சீட்டை ஒட்டும் இடம். பெட்டியின் மேற்பரப்பில் ஒட்டினால், அடுக்கியவுடன் மேலுள்ள பெட்டி அதை மறைத்துவிடும். பக்கவாட்டில், அடுத்தடுத்த இரண்டு முகங்களில் ஒட்டச் சொல்வதே சரி. அப்போது பெட்டியைத் திருப்பி அடுக்கினாலும் ஒரு முகமேனும் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். எழுத்தின் உயரம் குறைந்தது 7 மில்லிமீட்டர் இருக்கட்டும். சரக்குச் சீட்டுகளில் முக்கியமான செய்திகளுக்கு ஜிஎஸ்1 என்ற பன்னாட்டு அமைப்பு பரிந்துரைக்கும் அளவு இதுவே.

நான்காவது, அச்சிடும் முறை. வழங்குநர்கள் அட்டைப்பெட்டிகளை ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வோர் ஆணைக்கும் மாறும் எண்ணை அந்த அச்சில் சேர்க்க முடியாது. ஆகவே, சரக்கை அனுப்பும் நேரத்தில் ஒட்டும் சீட்டே நடைமுறைக்கு ஏற்றது. சீட்டு வகையிலும் கவனம் தேவை. கடை ரசீதுகளில் பயன்படும், வெப்பத்தால் நேரடியாகக் கருக்கும் தாள், கோடையில் தகரக் கூரைக் கிடங்கில் நாளடைவில் மங்கியோ கருத்தோ போய்விடும். சாதாரண அலுவலக மை அச்சு மழையில் நனைந்தால் கரையும். ரிப்பன் கொண்டு அச்சிடும் சீட்டு இரண்டையும் தாங்கும். அந்தக் கருவி இல்லாத வழங்குநர், அழியாத மைப் பேனாவால் தெளிவாக எழுதினாலும் ஏற்றுக்கொள்ளலாம். நமக்குத் தேவை படிக்கக்கூடிய எண். அழகிய அச்சு அன்று.

ஐந்தாவது, கலப்புப் பெட்டி. இரண்டு ஆணைகளின் மிச்சத்தை ஒரே பெட்டியில் போட்டு அனுப்பும் வழக்கம் உண்டு. ஒரு பெட்டியில் ஓர் ஆணைக்குரிய பொருள் மட்டுமே இருக்க வேண்டும் என்பதே நல்ல விதி. தவிர்க்க முடியாவிட்டால், இரண்டு எண்களையும் ஒவ்வொன்றுக்குமுரிய எண்ணிக்கையையும் ஒரே சீட்டில் எழுதி, “கலப்பு” என்று குறிக்கச் சொல்ல வேண்டும்.

பேலட் சீட்டு ஏன் தனியே வேண்டும்?

பெட்டிகளை மரத்தட்டின் மேல் அடுக்கி, பிளாஸ்டிக் படலத்தால் சுற்றி, ஃபோர்க்லிஃப்ட் கொண்டு இறக்கும் அடுக்கையே பேலட் என்கிறோம். சுற்றிய படலத்தின் உள்ளே இருக்கும் பெட்டிச் சீட்டுகளில் பல கண்ணுக்குத் தெரியா. எனவே பேலட்டுக்குத் தனிச் சீட்டு வேண்டும். அது படலத்தின் வெளிப்புறத்தில், அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் ஒட்டப்பட வேண்டும். ஆணை எண், பேலட்டில் உள்ள மொத்தப் பெட்டிகள், இத்தனை பேலட்டில் இது எத்தனையாவது என்பவை அதில் இருந்தால் போதும். தரையிலிருந்து 40 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில் சீட்டின் பட்டைக்குறிகள் அமைவது ஜிஎஸ்1 பரிந்துரை. பட்டைக்குறி இல்லாத சீட்டுக்கும் அந்த உயரம் வசதியானதே; குனியாமலும் ஏணி வைக்காமலும் படிக்கலாம்.

ஆனால் பேலட் சீட்டு இருக்கிறதே என்று பெட்டிச் சீட்டை விட்டுவிடக் கூடாது. படலத்தை அறுத்தவுடன் பேலட் சீட்டும் அதனோடு குப்பைக்குப் போய்விடும். அதன்பின் பெட்டிகள் மீண்டும் ஊமையாகிவிடும். இதற்கு ஒரு விலக்கு, கண்ணாடிப் புட்டிகளைப் போல அட்டைப்பெட்டி இல்லாமலேயே அடுக்கடுக்காக வரும் சரக்கு. அங்கே பேலட் சீட்டு ஒன்றே அடையாளம். ஆகையால் படலத்தை அறுக்கும் முன் அதன் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும்.

பட்டைக்குறியைக் கருவியால் படிக்கும் நிறுவனங்கள், ஜிஎஸ்1 முறையில் வாங்குபவரின் ஆணை எண்ணுக்கென்றே ஒதுக்கப்பட்ட 400 என்ற முன்குறியைப் பயன்படுத்தச் சொல்லலாம். பட்டைக்குறியின் கீழே அது இவ்வாறு காணப்படும்.

```
(400)2526-0147
```

அடைப்புக்குறிகள் கண்ணால் படிப்பதற்கு மட்டுமே. பட்டைக்குறிக்குள் அவை இடம்பெறுவதில்லை. மாதம் சில லாரிகள் மட்டுமே வரும் சிறு கிடங்குக்கு இது தேவையில்லை. கண்ணால் படிக்கும் எண்ணே போதும்.

மாதிரிக் கடிதம்

மேற்கூறியவற்றைத் தீர்மானித்தபின் எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். காரணத்தைச் சுருக்கமாகவும், கேட்பதை எண்ணிட்டும், தொடங்கும் நாளைத் தெளிவாகவும் கூறுவது நன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களிடமிருந்து நாங்கள் பெறும் மூடிகள் பல ஆணைகளுக்குரியவையாக ஒரே லாரியில் வருகின்றன. எந்தப் பெட்டி எந்த ஆணைக்குரியது என்பது வாசலில் தெரியாததால் வரவு வைப்பதில் பிழை நேர்கிறது. தங்கள் விலைப்பட்டியலுக்குப் பணம் அனுப்புவதும் தாமதமாகிறது. ஆகவே கீழ்க்காணும் ஏற்பாட்டைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. ஒவ்வொரு வெளிப்பெட்டியிலும் எங்கள் கொள்முதல் ஆணை எண், பெட்டி வரிசை, உருப்படி எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருக்கட்டும். ஆணை எண் எங்கள் ஆணையில் உள்ளவாறே சுழியங்களோடு அமையட்டும். தங்கள் விற்பனை எண்ணையும் சேர்ப்பதாயின் அதைத் தனி வரியில் எழுதவும்.

2. சீட்டைப் பெட்டியின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் ஒட்டவும். மேற்பரப்பில் மட்டும் ஒட்ட வேண்டா. எழுத்தின் உயரம் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அச்சுக் கருவி இல்லையெனில் அழியாத மையால் எழுதலாம்.

3. ஒரு பெட்டியில் ஓர் ஆணைக்குரிய மூடிகளை மட்டும் வைக்கவும். பேலட்டாக அனுப்பினால் படலத்தின் வெளியே இரண்டு பக்கங்களில் தனிச் சீட்டு ஒட்டவும்.

4. இதே ஆணை எண்ணை விலைப்பட்டியலிலும் லாரி ரசீதிலும் குறிப்பிடவும்.

அடுத்த மாத முதல் தேதிக்குப்பின் நாங்கள் அளிக்கும் ஆணைகளுக்கு இது பொருந்தும். ஏற்கெனவே கட்டி வைத்த சரக்குக்குத் தேவையில்லை. மாதிரிச் சீட்டு ஒன்றை ஒட்டி, அதன் புகைப்படத்தை முன்னதாக அனுப்பினால் பார்த்து உறுதி செய்கிறோம். இதனால் தங்களுக்குக் கூடுதல் செலவு ஏதேனும் நேருமாயின் தெரிவிக்கவும்.

இக்கடிதத்தின் நான்காம் கேள்வியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. பெட்டியிலுள்ள எண் விலைப்பட்டியலிலும் இருந்தால்தான் இரண்டையும் பொருத்த முடியும். கடிதம் அனுப்பியதோடு நில்லாமல், அடுத்து அளிக்கும் ஒவ்வோர் ஆணையின் நிபந்தனைகளிலும் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும். கடிதம் வழங்குநரின் விற்பனைப் பிரிவில் கோப்பில் கிடக்கலாம். பெட்டி கட்டுபவரின் கைக்குப் போவது ஆணையின் நகலே.

வழங்குநர் தயங்கினால்

தயக்கத்துக்குப் பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். மூடிகளைத் தயாரித்தவுடனேயே பெட்டியில் அடைத்து அடுக்கிவிடுவதால், அடைக்கும்போது யாருக்கு என்று தெரியாது என்பார். அதற்கு விடை, சீட்டை அடைக்கும்போது ஒட்டத் தேவையில்லை, லாரியில் ஏற்றும்போது ஒட்டினால் போதும் என்பது. ஆள் கூலி கூடும் என்றால், ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டச் செய்து, எண் வெளியே தெரியுமாறு நம் கிடங்கில் அடுக்கிக்கொள்ளலாம். அல்லது, அச்சிட்ட சீட்டுகளை ஆணையோடு நாமே அனுப்பிவிடலாம். எண்ணில் பிழை நேரும் வாய்ப்பும் அதனால் குறையும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ஆணையில் முன்பே எழுதாத இந்த நிபந்தனையைக் காரணம் காட்டி, வந்த சரக்கை மறுப்பதும் பணத்தை நிறுத்துவதும் முறையன்று.

முதல் சரக்கு வரும் நாளில்

சீட்டு ஒட்டிய முதல் சரக்கைப் பொறுப்பானவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். வழக்கமாக நேரும் பிழைகள் நான்கு. வழங்குநர் நம் ஆணை எண்ணுக்குப் பதிலாகத் தம் விற்பனை எண்ணையோ விலைப்பட்டியல் எண்ணையோ அச்சிட்டிருப்பார். இலக்கங்களின் வடிவம் நம்முடையதைப் போல இல்லாததைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம். அடுத்து, 147 என்று சுழியமும் ஆண்டும் இல்லாமல் இருக்கும். மூன்றாவது, மறுமுறை பயன்படுத்திய பெட்டியில் பழைய சீட்டு கிழிக்கப்படாமல் இருக்கும். ஒரே பெட்டியில் இரண்டு ஆணை எண்கள் காணப்பட்டால், அது கலப்புப் பெட்டியா பழைய பெட்டியா என்று திறந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நான்காவது, எல்லாப் பெட்டிகளிலும் ஒரே வரிசை எண் இருக்கும். ஒரே சீட்டை நகலெடுத்து ஒட்டினால் இப்படி ஆகும்.

பிழை கண்டால் புகைப்படத்தோடு அன்றே தெரிவிப்பது நல்லது. சரியான எண்ணை எழுதிய நம் சொந்தச் சீட்டை ஒட்டியபின்பே பெட்டியை அடுக்கிற்கு அனுப்ப வேண்டும். எண் இல்லாத பெட்டியைப் பழைய ஆணையில் ஊகித்து வரவு வைப்பதைவிட, விலைப்பட்டியலைக் கேட்டுப் பெறும்வரை தனியே நிறுத்தி வைப்பது பாதுகாப்பானது.

வங்கிக் கணக்கில் இதன் எதிரொலி

பெட்டியில் நேர்ந்த குழப்பம் மூன்று இடங்களில் பணமாக வெளிப்படும்.

ஒன்று, பணம் செலுத்தும் கெடு. வழங்குநர் பதிவுபெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாயின், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து மூலமான உடன்பாடு இல்லாதபோது சரக்கை ஏற்ற நாளிலிருந்து 15 நாள்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். உடன்பாடு இருந்தாலும் 45 நாள்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல மும்மடங்கு வீதத்தில், மாதந்தோறும் கூட்டப்படும் வட்டியைக் கொடுக்க நேரும். ஏற்ற நாள் என்பது பொதுவாகச் சரக்கு வந்து சேர்ந்த நாளே. வந்த 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்திருந்தால் மட்டும், அந்த ஆட்சேபம் நீங்கிய நாள் ஏற்ற நாளாகும். “எங்கள் வரவுச் சீட்டு ஒத்துப்போகவில்லை” என்று நம் அலுவலகத்துக்குள்ளேயே நடக்கும் தேடல் ஆட்சேபமாகாது. நமது எடுத்துக்காட்டின் 54,000 ரூபாய்க்கான கெடு, கணக்கர் தேடிக்கொண்டிருந்த நாள்களிலும் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

இரண்டு, சரக்கிருப்பு அறிக்கை. கேஷ் கிரெடிட் வசதி பெற்ற வாடிக்கையாளர் வங்கிக்கு அளிக்கும் அறிக்கையில், இருப்பின் மதிப்பிலிருந்து இன்னும் பணம் கொடுக்காத சரக்கின் மதிப்பைக் கழித்தே எடுக்கத்தக்க தொகை கணக்கிடப்படுகிறது. 22 பெட்டிகளும் இருப்பில் ஏறி, ஒத்துப்போகாத விலைப்பட்டியல்கள் கணக்கில் ஏறாமல் நின்றால், கொடுக்க வேண்டிய தொகை குறைவாகவும் எடுக்கத்தக்க தொகை மிகையாகவும் காட்டப்படும். இருப்புத் தணிக்கையின்போது இது வெளிப்பட்டால் விளக்கம் அளிப்பது கடினம். உள்ளீட்டு வரி வரவுக்கும் இதே போன்ற தொடர்பு உண்டு. ஒரே விலைப்பட்டியலுக்குரிய சரக்கு பல தவணைகளில் வந்தால், கடைசித் தவணை வந்தபின்பே வரி வரவைப் பெறலாம். சீட்டில் உள்ள பெட்டி வரிசை, கடைசித் தவணை வந்துவிட்டதா என்பதை உடனே காட்டிவிடும்.

மூன்று, கடன் உறுதிக் கடிதம். லெட்டர் ஆஃப் கிரெடிட் வழியாக வாங்கும் வாடிக்கையாளர் சிலர், “பெட்டிகளில் ஆணை எண் இருக்க வேண்டும்” என்று மட்டும் அதில் எழுதச் சொல்கிறார்கள். இதனால் பயனில்லை. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள யுசிபி 600 விதிகளின்படி வங்கிகள் ஆவணங்களைத்தான் பார்க்கின்றன, சரக்கைப் பார்ப்பதில்லை. எந்த ஆவணத்தின் மூலம் நிறைவேற்ற வேண்டும் என்று கூறாத நிபந்தனையை வங்கி எழுதப்படாததாகவே கருதி விட்டுவிடும். ஆகவே, “ஒவ்வொரு பெட்டியிலும் இன்ன ஆணை எண் குறிக்கப்பட்டுள்ளது என்று பொதிப்பட்டியல் காட்ட வேண்டும்” என்று ஆவணத்தின் பெயரோடு எழுதச் சொல்ல வேண்டும். அப்போதும் வங்கி பார்ப்பது பொதிப்பட்டியலையே என்பதை மறந்துவிடக் கூடாது. பெட்டியைப் பார்ப்பது நம் கிடங்கின் பொறுப்பு.

மீண்டும் அதே இருபத்திரண்டு பெட்டிகள்

சீட்டு இருந்திருந்தால் அந்த லாரி எப்படி இறக்கப்பட்டிருக்கும்? பொறுப்பாளர் பெட்டிகளை எண்ணின்படி இரண்டு அடுக்காகப் பிரித்திருப்பார்: 1/16 முதல் 16/16 வரை ஓர் அடுக்கு, 1/6 முதல் 6/6 வரை மற்றோர் அடுக்கு. 0147-இல் நான்கு பெட்டியும் 0152-இல் நான்கு பெட்டியும் இன்னும் வர வேண்டும் என்று வரவுச் சீட்டு காட்டியிருக்கும். மொத்த வணிகரின் 12,000 புட்டிகளுக்குரிய மூடிகள் உரிய அடுக்கில் தயாராக இருந்திருக்கும். கணக்கர் 38,400 ரூபாயையும் 15,600 ரூபாயையும் ஒப்பிட்டுக் கெடுவுக்குள் அனுப்பியிருப்பார். அடுத்த வாரம் வந்த நான்கு பெட்டிகளும் வாசலில் தடைபடாமல் உள்ளே போயிருக்கும்.